முடங்கிய சரக்கு: ‘இறந்த இருப்பு’ என்று எழுதாதீர்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாதம் ஒருமுறை கணக்கு எழுதப் போகிறேன். சென்ற மாதம் கடைக்காரர் கணக்கு மென்பொருளின் தமிழ்க் கையேட்டை என் முன் விரித்து, “தம்பி, இதில் ‘இறந்த இருப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். என் கடையில் யார் இறந்தது?” என்று கேட்டார். இதே தொடரை வணிகப் பயிற்சித் தாள்களிலும் பார்த்துப் பார்த்து எனக்கும் சலித்துவிட்டது.

‘இறந்த இருப்பு’ என்று பெயர்த்தது டெட் ஸ்டாக் என்ற ஆங்கிலத் தொடரை. அதற்குப் பண்ணையில் ஒரு பொருள் உண்டு. ஆங்கிலேயர் பண்ணையை ஏலம் விடும்போது ஆடுமாடுகளை ‘லைவ் ஸ்டாக்’ என்றும், ஏர், வண்டி போன்றவற்றை ‘டெட் ஸ்டாக்’ என்றும் பிரித்தார்கள். அந்த ஏர் செத்துப்போன ஏர் அல்ல, உயிரில்லாத பொருள், அவ்வளவுதான். பல அரசு அலுவலகங்களில் இன்றும் மேசை நாற்காலிக் கணக்குக்கு டெட் ஸ்டாக் பதிவேடு என்றே பெயர். கடைக்காரர்களோ விற்காத சரக்கை அப்படிச் சொல்கிறார்கள். ‘இறந்த’ என்று பெயர்த்தவர் இதில் எதையும் பார்க்கவில்லை, அகராதியில் முதல் பொருளைப் பார்த்தார். அதே கையேட்டில் ‘மெதுவாக நகரும் இருப்பு’ என்றும் இருக்கிறது. கடலூரில் சரக்கு ஓடும், ஓடாது, நிற்கும், நத்தைதான் நகரும்.

‘தேங்கிய சரக்கு’ என்பாரும் உண்டு. நல்ல தமிழ்தான், ஆனால் வேறு பொருளுக்கு உரியது. தேங்குவது ஓடக்கூடிய நீர். மதகைத் திறந்தால் போய்விடும். இரண்டு மாதத்தில் விற்கும் ஆணியை ஓராண்டுக்கு வாங்கிப் போட்டால் அது தேக்கம், அடுத்த கொள்முதலை நிறுத்தினால் தானே வடியும். ஓட்டம் குறைந்தது மந்தம். விலையை இறக்கினாலோ முன்வரிசைக்குக் கொண்டுவந்தாலோ கொஞ்சம் ஓடும். கேட்பாரே இல்லாமல் போனது முடக்கம். பணம் முடங்கிக் கிடக்கிறது என்று கடைத்தெருவில் தினமும் சொல்கிறோம், அந்தச் சொல்லையே சரக்குக்கும் வைக்கலாம். முடங்கியதை எடுத்துவிட முடியும், இறந்ததை முடியாது.

எது முடங்கியது என்று காட்டுவது வாங்கிய தேதி அல்ல, கடைசியாக விற்ற தேதி. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. தார்ப்பாயும், கூரைத் தகட்டை இறுக்கும் ஜே போல்ட்டும் ஜனவரி முதல் செப்டம்பர் வரை அநேகமாக அசையாது. வடகிழக்குப் பருவமழை வந்தால் போதாமல் போகும். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊரில் அவற்றை முடக்கம் என்று ஜூலையில் கழித்துக்கட்டுவது மடமை. அதனால் பருவம் ஒன்றைக் கடந்தும் விற்காததையே அந்தக் கணக்கில் சேர்க்கிறோம்.

அப்படிச் சிக்கியது இரும்புக் குழாயைத் திருப்பி இணைக்கும் ஒரு அங்குல ஜி.ஐ. எல்போ, 120 உருப்படி, ஒன்று 55 ரூபாய், ஆக 6,600 ரூபாய். கடைசி விற்பனை பதினாறு மாதத்துக்கு முன்னால். வீடுகளுக்குள் பிளாஸ்டிக் குழாய் வந்ததும் இதைக் கேட்பவர் குறைந்துவிட்டார். உப்புக்காற்றில் மரையின் விளிம்பு செம்பழுப்பாகத் தொடங்கியிருந்தது. மரை துருவேறினால் குழாய் ஏறாது, அதன் பிறகு எடைக்குத்தான் விலை. அதனால் காலம் தாழ்த்த இடமில்லை. ஆழ்குழாய் மோட்டார் பொருத்துபவர் ஒருவர் இன்னும் ஜி.ஐ. வாங்குகிறார், அவருக்கு முப்பது, ஒன்று 40 ரூபாய்க்கு. மொத்த வியாபாரி புதிய ஆர்டருடன் சேர்த்து, துரு இல்லாத ஐம்பதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மீதி நாற்பது.

இங்கேதான் அந்தச் சொல் காசைக் கடிக்கப் பார்த்தது. உதவிப் பையன் கையேட்டைப் பார்த்து, நாற்பதையும் ‘இறந்த இருப்பு’ என்று எழுதி, இருப்பிலிருந்தே நீக்கப் போனான். சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளினாலும் இலவசமாகக் கொடுத்தாலும், வாங்கும்போது கட்டிக் கழித்துக்கொண்ட ஜி.எஸ்.டி.யைத் திருப்ப வேண்டும் என்கிறது சட்டத்தின் 17(5)(h) பிரிவு. நாற்பதின் அடக்கம் 2,200 ரூபாய், 18 சதவீதத்தில் 396 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும். பழைய இரும்புக்காரரிடம் பில் போட்டு விற்றோம். ஒன்பது கிலோ, கிலோ 25 ரூபாய், 225 ரூபாய். அதற்கு உரிய வரியை வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டினோம், பழைய 396 ரூபாயைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கடைவாசலில் கால் மணி நேரம் நின்றிருந்தால் ‘ஓடாத சரக்கு’ என்பதாவது காதில் விழுந்திருக்கும்.

கடைக்காரர் அந்தத் தட்டைத் துடைத்து, சிபிவிசி பிளாஸ்டிக் எல்போவை நிரப்பிவிட்டார். கையேட்டின் அந்தப் பக்கத்தில் ‘இறந்த’ என்பதை அடித்துவிட்டு, மேலே பேனாவால் ‘முடங்கிய’ என்று எழுதி வைத்திருக்கிறார்.