23 நொடி என்பது ஆட்கள் கிளம்பிப் போன நேரம் இல்லை

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் இருக்கிற என் எடிட்டிங் அறைக்குள் வந்ததும், உட்காரக்கூட இல்லை, போனை நீட்டினார். "தம்பி, என் யூடியூப் ஷார்ட்ஸ சராசரியா 23 செகண்டுதான் பாக்குறாங்க. அதுக்கு மேல ஒருத்தரும் இருக்கிறதில்ல. இனிமே எல்லா வீடியோவையும் 23 செகண்டுல முடிச்சிடு."

சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருப்பவர். அவருக்கு முன்னால் தர்மபுரி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் 11 நொடி என்றார். ஒகேனக்கல் பரிசல் வீடியோ போடுகிற பையன் 17 என்றான். எண்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது, தப்பு ஒன்றேதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யூடியூப் ஸ்டுடியோவில் Average view duration என்று ஒரு எண் காட்டும். அது சராசரி. சராசரி நொடியில் ஆட்கள் கிளம்புவதில்லை. பத்துப் பேர் ஒரு வீடியோவைப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். ஐந்து பேர் மூன்றாவது நொடியிலேயே தள்ளிவிட்டார்கள், மற்ற ஐந்து பேர் 43 நொடி வரை இருந்தார்கள். சராசரி 23. ஆனால் 23-வது நொடியில் எழுந்து போனவர் ஒருவர்கூட இல்லை!

இன்னும் புரியாதவர்களுக்காக நம் ஊர் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியில் ஏறியவர்களில் பாதிப் பேர் காவேரிப்பட்டணத்தில் இறங்குகிறார்கள், மீதிப் பேர் தர்மபுரி வரை போகிறார்கள். சராசரி இறங்குமிடம் என்று கணக்குப் போட்டால் காரிமங்கலம் பக்கத்தில் எங்கோ வந்து நிற்கும். அதற்காக, பஸ்ஸைக் காரிமங்கலத்தோடு நிறுத்திவிடலாம் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் வீடியோ என்று வந்ததும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, நர்சரி அண்ணன் வீடியோவுக்கு வருவோம். மொத்தம் 50 நொடி. முதல் 6 நொடி பெயர்ப்பலகையும் "வணக்கம் நண்பர்களே"யும். அடுத்த 8 நொடி, நர்சரி ஆரம்பித்த கதை. 14-வது நொடியில்தான் விஷயம் தொடங்குகிறது: கடையில் வாங்கும் மாங்கன்று உண்மையிலேயே ஒட்டுச்செடியா, கொட்டை போட்டு முளைத்த கன்றா என்று பார்ப்பது எப்படி. அது 38 வரை ஓடுகிறது. நடுவே 30-வது நொடி வாக்கில் ஒட்டு போட்ட இடத்தைக் கட்டைவிரலால் லேசாக வளைத்துக் காட்டுவார். அப்புறம் 6 நொடி விலை. கடைசி 6 நொடி "அவ்வளவுதான் நண்பர்களே, சப்ஸ்கிரைப் பண்ணுங்க, நன்றி".

எண்ணை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருக்கிற கோட்டைத் திறந்தோம். எந்த நொடியில் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதைக் காட்டும் அந்தக் கோட்டுக்கு ஸ்டுடியோ வைத்திருக்கும் தலைப்பு Key moments for audience retention. நூறு பேர் உட்கார்ந்தார்கள் என்று எடுத்துக்கொண்டால், 3-வது நொடியில் 78 பேர், 6-வதில் 60 பேர், 14-வதில் 44 பேர். அதன் பிறகு கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. 38-வது நொடியிலும் 40 பேர் இருக்கிறார்கள். விலை சொல்லி முடிக்கும்போது 34. முடிவில் 14.

நான் எப்போதும் ஒரே ஒரு கணக்குதான் போடுவேன்: நொடிக்கு எத்தனை பேர் போனார்கள்? முதல் 14 நொடியில் 56 பேர் போயிருக்கிறார்கள், அதாவது நொடிக்கு 4 பேர். நடுவில் 24 நொடியில் போனது மொத்தமே 4 பேர், ஆறு நொடிக்கு ஒருவர். கடைசி 6 நொடியில் 20 பேர், நொடிக்கு மூன்றுக்கும் மேல். வேகம் சரியா தப்பா என்பதை இந்தச் சரிவு சொல்லிவிடும். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

இப்போது அந்த 23-வது நொடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோடு அசையாமல் இருக்கிற இடத்தின் நடுவில். வீடியோ முழுவதிலும் கிட்டத்தட்ட யாருமே எழுந்து போகாத பகுதி அது. அங்கே வெட்டினால் கட்டைவிரல் காட்சி போய்விடும், விலையும் போய்விடும். ஆட்களை விரட்டிய முதல் 14 நொடி மட்டும் முழுசாக நிற்கும்.

அந்தக் கட்டைவிரல் இடத்தில் கோடு 42-லிருந்து 47-க்கு ஏறியிருந்தது. பாதியில் புதிதாக ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பார்த்தவர்களே பின்னால் இழுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மேடு வந்தாலே நல்லது என்று குதிக்காதீர்கள். விலையை ஒரே நொடி பொடி எழுத்தில் காட்டி மறைத்தாலும் இதே மேடுதான் வரும், படிக்க முடியாமல் பின்னால் இழுப்பார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கமெண்ட்டைப் படியுங்கள். "விலை எவ்வளவு, புரியல" என்று நாலு பேர் கேட்டிருந்தால் அது எரிச்சலில் வந்த மேடு. இங்கே "எங்க வீட்டுக் கன்றையும் இப்படிப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தார்கள். ஆசையில் வந்ததுதான்.

கோடு சரிகிற இடத்தில் சரியாக என்ன படம் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி என்றும் முடிவு செய்யாதீர்கள். சலிப்பு முதலில் வருகிறது, விரல் ஒரு நொடி, இரண்டு நொடி கழித்துத்தான் தள்ளுகிறது. எனவே சரிவுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்து ஒலியோடு போட்டுக் கேளுங்கள். அண்ணன் வீடியோவில் கடைசிச் சரிவு, "அவ்வளவுதான்" என்ற சொல் வாயை விட்டு வந்த உடனே தொடங்கியிருந்தது. முடிந்துவிட்டது என்று நாமே சொல்லிவிட்டு, இன்னும் ஆறு நொடி உட்காருங்கள் என்றால் யார் உட்காருவார்கள்?

ஏற்றிய வீடியோவை அதே இடத்தில் மாற்றி வைக்க யூடியூப் விடாது. ஆகவே அதே விஷயத்தை இன்னொரு ரகக் கன்றை வைத்துப் புதிதாக எடுத்தோம். வணக்கம் இல்லை, பலகை இல்லை. செந்தூராக் கன்றின் ஒட்டைக் கட்டைவிரல் வளைப்பதுதான் முதல் படம். நர்சரிப் பெயர் ஓரமாக எழுத்தில் ஓடியது. 25-வது நொடியில் விலை, 31-வது நொடியில் வீடியோ முடிந்தது. நன்றி சொல்லாமல் முடிப்பது மரியாதை இல்லை என்று அண்ணனுக்கு மனசே இல்லை. கமெண்ட்டில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சமாதானம் செய்தேன்.

நாலு நாள் கழித்து போன். குரலில் கோபம். "தம்பி, இதுக்கும் அதே 23 செகண்டுதான் காட்டுது. என்ன வேலை செஞ்ச நீ?"

ஆமாம், அதே 23 தான். ஆனால் முன்பு 50-க்கு 23, இப்போது 31-க்கு 23. சதவீதத்தில் 46 என்பது 74 ஆகியிருக்கிறது. இந்தச் சதவீதத்தைக் காட்டி நான் பெருமை அடித்திருக்கலாம். எங்கள் தொழிலில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதுவும் பாதி ஏமாற்று. நீளத்தைக் குறைத்தாலே சதவீதம் தானாக ஏறும். எட்டு நொடி வீடியோ போட்டால் நூறைத் தாண்டிக்கூடக் காட்டும், ஏனென்றால் ஷார்ட்ஸ் முடிந்ததும் தானாக மறுபடி ஓடுகிறது, இரண்டாம் சுற்றும் கணக்கில் சேர்கிறது. 50 நொடி வீடியோவின் சதவீதத்தையும் எட்டு நொடி வீடியோவின் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

அண்ணனிடம் நான் சொன்னது வேறு ஒரு எண். விலை வருகிற இடத்துக்கு முதல் வீடியோவில் நூற்றில் 40 பேர் வந்தார்கள், இரண்டாவதில் 66 பேர். அவர் கன்று விற்கிறவர், அவருக்கு வேண்டிய எண் அதுதான். உங்கள் வீடியோவில் எந்த நொடி முக்கியம் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். ஜவுளிக்கடைக்கு அது முந்தானையை விரித்துக் காட்டுகிற இடமாக இருக்கும், பரிசல்காரருக்கு அருவிக்குப் பக்கத்தில் போகிற இடமாக இருக்கும். அந்த நொடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இரண்டு வீடியோக்களிலும் பார்த்தால் போதும்.

புது வீடியோவில் எனக்கே உறைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் வீடியோவில் படுத்திருந்த நடுப்பகுதி இதில் சரிந்தது. 3-வது நொடியில் 84 பேர், விலைக்கு வரும்போது 66. அதாவது 22 நொடியில் 18 பேர் போனார்கள், முன்பு 24 நொடியில் 4 பேர்தான். காட்சி மோசமாகிவிட்டதா? இல்லை. பழைய வீடியோவில் அந்த இடத்துக்கு வந்தவர்கள், 14 நொடி தொல்லையைப் பொறுத்துக்கொண்டு வந்த கெட்டி ஆட்கள். இனி எதைக் காட்டினாலும் போகமாட்டார்கள். இப்போது அரை மனசுக்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள், அவர்களில் சிலர் நடுவில் போகத்தான் செய்வார்கள். கோடு படுத்திருப்பதைப் பார்த்து "இந்த இடம் தங்கம்" என்று மயங்கிவிடாதீர்கள், அந்தக் கோட்டில் மிஞ்சியிருப்பவர்கள் யார் என்றும் கேளுங்கள்.

எதிர்க்கட்சியும் உண்டு. 2024 அக்டோபர் 15 முதல் ஷார்ட்ஸை மூன்று நிமிடம் வரை போடலாம் என்று யூடியூப் விட்டதிலிருந்து, இடம் இருக்கிறதே என்று இழுக்கிறவர்கள். அவர்களுக்கும் பதில் இதே கோடுதான். நொடிக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று பாருங்கள். கோடு தாங்கினால் ஒன்றரை நிமிடமும் சரி. "சரியான நீளம் என்ன சார்" என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். ஒட்டு சரிபார்ப்புக்கு 31 ஆனது, ஊறுகாய்க்கு வேறு ஆகும்.

பார்வை எண்ணிக்கையை வைத்தும் முடிவு எடுக்க வேண்டாம். 2025 மார்ச் 31-லிருந்து ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை, திரும்ப ஓடினாலும் ஒரு பார்வை. எத்தனை நொடி பார்த்தார்கள் என்பது அதில் வராது. அதற்கு முந்தைய வீடியோவோடு இப்போதையதை ஒப்பிட்டுப் பூரித்துப்போன இரண்டு பேரை நானே கீழே இறக்கிவிட்டிருக்கிறேன்.

அப்புறம், அவசரம் வேண்டாம். ஏற்றிய அன்று ராத்திரியே கோட்டைப் பார்த்துப் புலம்பாதீர்கள், அது வந்து சேரவே ஓரிரு நாள் ஆகும். இருநூறு பேர் பார்த்த வீடியோவின் கோடு ரம்பம் மாதிரி ஏறி இறங்கும், அதில் ஒவ்வொரு பல்லுக்கும் காரணம் தேடினால் பைத்தியம் பிடிக்கும். ஒரே மாதிரி வீடியோ மூன்று, நான்கு போட்டு, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் சரிகிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்யுங்கள். நானே இந்த முறை தலையையும் வாலையும் சேர்த்து வெட்டிவிட்டேன், அதனால் எந்த வெட்டு எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இனி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் 23, 11, 17 என்று எண்ணை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம், பதில் போடமாட்டேன். முழுக் கோடும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் வேண்டும். கூடவே வீடியோவில் எந்த நொடியில் என்ன வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, அதையும் போட்டோ பிடித்து அனுப்புங்கள். அந்தத் தாளை எழுதும்போதே பாதிப் பேருக்கு எதை வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது, என்னிடம் வருவதே இல்லை. எனக்கு வருமானம்தான் கொஞ்சம் குறைகிறது.