நாலுக்கு இரண்டு எடுத்த இரண்டு பிள்ளைகள்

புதிதாக ஆசிரியர் பணியில் சேர்ந்தவர்களிடம் வளரறி மதிப்பீட்டுக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் மதிப்பெண்ணாகவே வரும். வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60. வளரறியில் செயல்பாட்டுக்கு 20, சிறுதேர்வுக்கு 20. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வந்த கணக்கு இது. பதிவேட்டை நிரப்ப இது போதும். ஆனால் சின்ன பரீட்சை வளரறி, பெரிய பரீட்சை தொகுத்தறி என்று மனதில் பதிந்துவிட்டால் சிக்கல்தான். பருவத்தின் கடைசி வாரத்தில் பதிவேட்டை எடுத்துவைத்து, முகத்தை நினைத்து நினைத்து 18, 19 என்று போட்டு முடிக்கிற பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

பரீட்சையின் அளவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. விடையைப் பார்த்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். அதை வைத்து அடுத்து நடத்துவதை மாற்றினால் வளரறி, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பதிந்து சொன்னால் தொகுத்தறி. ஏழாம் வகுப்புத் தசம எண்கள் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். ராயபுரம் பக்கத்துப் பள்ளியில் நான் வருடா வருடம் நடத்துகிற பாடம் அது.

இட மதிப்பு நடத்தி முடித்த அன்று, பீரியட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அரைத்தாள் ஒன்றைக் கொடுத்துவிடுவேன். கரும்பலகையில் நான்கு ஜோடிகள்: 0.6-உம் 0.45-உம்; 0.3-உம் 0.52-உம்; 0.7-உம் 0.70-உம்; 0.4-உம் 0.8-உம். ஒவ்வொன்றிலும் பெரியது எது, அல்லது இரண்டும் சமமா என்று எழுத வேண்டும். முதல் ஜோடிக்கு மட்டும் ஏன் என்று ஒரு வரி.

ஒரு பையன் முதல் ஜோடியில் 0.45 பெரியது என்று எழுதுகிறான். காரணம்: "6-ஐ விட 45 பெரிசு." இரண்டாவதில் 0.52 என்கிறான், அது சரி. மூன்றாவதில் 0.70, தவறு. நான்காவது சரி. ஆக நாலுக்கு இரண்டு.

பக்கத்து பெஞ்சில் ஒரு பெண். முதல் ஜோடியில் 0.6 என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். காரணம்: "0.45 நூறில் வருது, அதனால சின்னது." இரண்டாவதில் 0.3 பெரியது என்கிறாள், தவறு. மூன்றாவதில் 0.7 பெரியது என்கிறாள், அதுவும் தவறு. நான்காவது சரி. இவளும் நாலுக்கு இரண்டு.

பதிவேட்டில் இருவரும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் நேரெதிர் திசைகளில் தவறு செய்கிறார்கள். பையன் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிறான்; எத்தனை துண்டு என்று பார்க்கிறான், ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதில்லை. 0.45-ஐ நாமே 'புள்ளி நாற்பத்தைந்து' என்று வாசித்துக் காட்டுவதும் இதற்கு ஒரு காரணம். 'புள்ளி நான்கு ஐந்து' என்றுதான் வாசிக்க வேண்டும். அந்தப் பெண்ணோ நாம் சொல்லிக்கொடுத்ததை நன்றாகவே கேட்டிருக்கிறாள். நூறில் ஒன்று, பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்பது அவளுக்குத் தெரியும். துண்டின் அளவைப் பார்த்தவள், எத்தனை துண்டு என்று எண்ணவில்லை.

அன்று அந்தத் தாள்களில் மதிப்பெண் போடாதீர்கள். முதல் வகைத் தவறு, இரண்டாம் வகைத் தவறு, தெளிவாக இருப்பவர்கள் என்று மூன்று கட்டாகப் பிரியுங்கள். ஆசிரியர் அறையில் டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். மதிப்பெண்ணும் போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதினால் பிள்ளைகள் குறிப்பைப் படிப்பதில்லை, பக்கத்திலிருப்பவன் எத்தனை வாங்கினான் என்று பார்க்கப் போய்விடுவார்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது: குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை.

மறுநாள் பத்துக்குப் பத்து கட்டத்தாள். ஒரு பட்டை பத்தில் ஒன்று, ஒரு சின்னக் கட்டம் நூறில் ஒன்று. இரு குழுவுக்கும் ஒரே தாள்தான், கேள்விதான் வேறு. முதல் குழு 0.6-க்கு ஆறு பட்டை, 0.45-க்கு நான்கு பட்டையும் ஐந்து கட்டமும் வண்ணமிட்ட பிறகு, "இந்த 45-இல் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசு?" என்று கேளுங்கள். இரண்டாம் குழுவுக்கு 0.3-உம் 0.52-உம். "கட்டம் சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளை மாற்றிக் கேட்டால் பயனில்லை. பையனிடம் எத்தனை என்று கேட்டால் அவனுடைய தவறைத்தான் இன்னும் உறுதியாக்குவோம். எல்லோருக்கும் சேர்த்து அதே பாடத்தை மறுபடி நடத்துவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

எங்கள் பிள்ளைகளில் சிலர் காசிமேட்டில் அம்மாவோடு மீன் கடையில் நிற்பவர்கள். எலெக்ட்ரானிக் தராசில் 0.600, 0.450 என்று வந்தால் எது அதிகம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தராசை வகுப்பில் பேசலாம், நன்றாகவே எடுபடும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தராசு எப்போதும் மூன்று இலக்கம் காட்டுவதால், 600, 450 என்று கிராமாக, அதாவது முழு எண்ணாகப் படித்தே சரியான விடைக்கு வந்துவிடலாம். 'பூஜ்யம் போட்டு இலக்கத்தைச் சமமாக்கு' என்ற குறுக்குவழியிலும் அதே ஓட்டை. விடை சரியாக வரும், தவறான எண்ணம் அப்படியே உள்ளே இருக்கும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். 0.307, 0.31 என்ற ஜோடி முதல் வகைத் தவறைக் காட்டிவிடும். 0.5, 0.507 இரண்டாம் வகையைக் காட்டும். இந்தச் சோதனையில் வருவதை வேண்டுமானால் சிறுதேர்வு மதிப்பெண்ணாகப் பதியுங்கள். முதல் தாள் பதிவேட்டுக்குப் போக வேண்டியதில்லை, அது உங்களுக்கான தாள். ஒன்று மட்டும் கவனம்: நான்கு கேள்வியில் குருட்டாம்போக்கில் எழுதியும் இந்த இரண்டு வகைத் தவறில் ஒன்றைப் போலவே விடைகள் வந்துவிடலாம். 'ஏன்' என்ற அந்த ஒரு வரியைப் படிக்காமல் எந்தப் பிள்ளையையும் எந்தக் கட்டிலும் வைக்காதீர்கள்.

சரி, தொகுத்தறி எதற்கு? பருவம் முடிகிறபோது ஒரு பிள்ளை எல்லாப் பாடங்களையும் சேர்த்து எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்கும் பள்ளிக்கும் சொல்ல. அந்த வேலைக்கு அது தேவை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே திருத்தம், இரக்கத்துக்கு ஒன்றிரண்டு கூட்டிப் போடாத மதிப்பெண். ஆனால் 2.35, 5.32, 2.53, 3.25 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதுக என்று ஒரு கேள்வி வந்தால், மேலே சொன்ன இருவருமே முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். எல்லா எண்ணிலும் புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கம் என்பதால் அவர்களுடைய தவறான விதிக்கு அங்கே வேலையே வராது. வினாத்தாள் எடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால் 2.5, 2.35, 2.507 என்று இலக்க எண்ணிக்கையைக் கலந்து போடுங்கள்.

தொகுத்தறி விடைத்தாளையும் கட்டுப்போட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டாம். அடுத்த பருவத்தில் எந்தப் பாடம் இதன் மேல் நிற்கிறதோ, அதற்கான கேள்விகளை மட்டும் புரட்டி, தவறுகளை வகை பிரித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தசமப் பெருக்கல் தொடங்கும் நாளுக்கான பாடக்குறிப்பை அந்தத் தாளை வைத்துக்கொண்டு எழுதலாம்.