வியாபாரத் திட்டத்தில் எடுகோள் பக்கம்: ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது?

வங்கிக் கடனுக்காக என்னிடம் வரும் வியாபாரத் திட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஐந்து வருடக் காசுப்பாய்ச்சல் அழகாக இருக்கும், வரைபடங்கள் கூட இருக்கும், ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் ஒரு பக்கமும் இருக்காது. இருந்தாலும் "மின்சாரம் மாதம் 40,000, சம்பளம் மாதம் 180,000, விற்பனை வருடம் 10% கூடும்" என்ற மாதிரி நான்கு வரிதான். இதை எடுகோள் பக்கம் என்று சொல்ல முடியாது. எண்ணை இன்னொரு தரம் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எடுகோள் பக்கம் என்றால் எண், அதன் அலகு, எங்கிருந்து எடுத்தது, எந்தத் திகதியில், ஏன் வேறொன்றை எடுக்காமல் இதை எடுத்தோம், இவ்வளவும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு சிறிய நல்லெண்ணெய் ஆலையை வைத்துச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க விலைகளையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன், கணக்கின் போக்கு அப்படியேதான். ஆலை மாதம் 2,500 கிலோ எள்ளு ஆட்டுகிறது. புது இயந்திரத்துக்கு 50 இலட்சம் ரூபாய் கடன் கேட்கிறார்கள், ஐந்து வருடத்தில் கட்டி முடிப்பதாக. திட்டத்தை முதலில் தயாரித்துக் கொடுத்தவர் எண்ணெய் விளைச்சல் 45% என்று போட்டிருந்தார். மூலம் என்ற இடத்தில் "தொழிற்துறைத் தரவு" என்று இருந்தது. எந்தத் தரவு, யாருடையது என்று இல்லை.

உரிமையாளரிடம் கேட்டேன். "எங்கட ஆலையில நூறு கிலோவுக்கு நாற்பத்தைஞ்சு வரும் தம்பி" என்றார். "அண்ணை, நாற்பத்தைஞ்சு கிலோவோ, லீட்டரோ?" "லீட்டர்தான், டின்னில தானே அளக்கிறது."

இந்த ஒரு கேள்விக்குள் மாதம் ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய் இருக்கிறது. நல்லெண்ணெய் ஒரு லீட்டர் ஏறக்குறைய 0.92 கிலோ. திட்டத்தை எழுதியவர் 45ஐ நிறை வீதமாக எடுத்து, 2,500 கிலோ எள்ளுக்கு 1,125 கிலோ எண்ணெய் என்று கணக்குப் போட்டு, விற்பனை லீட்டரில் என்பதால் அதை 0.92ஆல் பிரித்து 1,223 லீட்டர் என்று எழுதிவிட்டார். உரிமையாளர் சொன்னது 1,125 லீட்டர். ஆலை லீட்டரை 1,800 ரூபாய்க்குக் கொடுக்கிறது என்றால் வித்தியாசம் மாதம் ஏறக்குறைய 176,000 ரூபாய். இரண்டு பேருமே 45 என்றுதான் சொன்னார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அலகு எழுதப்படவில்லை, அதுதான் நடந்தது.

சரி, 45 லீட்டர் என்பதாவது சரியா? அது நல்ல எள்ளு கிடைத்த நாளின் நினைவு. எள்ளு விதையில் எண்ணெய் பாதியளவுக்குக் கிட்ட இருக்கிறது, ஆனால் செக்கு முழுவதையும் பிழிந்து எடுக்காது, பிண்ணாக்கில் கொஞ்சம் தங்கிவிடும். அதைவிட, காசு கொடுத்து வாங்கும் எள்ளில் மண், கல், சருகு எல்லாம் இருக்கிறது. ஆட்டிய எண்ணெய் தெளியும்போது அடியில் மண்டி நிற்கிறது. ஆகவே "100 கிலோ" என்றால் எந்த 100 கிலோ, வாங்கியதா, புடைத்துத் துப்புரவாக்கியதா என்பதையும் எழுத வேண்டும்.

ஆலையில் மூன்று வேறு மூட்டைகளை நிறுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். வேறு வேறு ஆட்களிடம் வாங்கிய மூட்டைகளாக இருக்க வேண்டும், ஒரே ஆளின் எள்ளை மூன்று தரம் ஆட்டுவதில் பயனில்லை. சராசரியாக, வாங்கிய 100 கிலோ புடைத்த பின் 97 கிலோ ஆனது, தெளிந்த எண்ணெய் 39 கிலோ வந்தது, அதாவது 42 லீட்டருக்குச் சற்று மேல். எடுகோள் பக்கத்தில் அந்த வரிசை கடைசியில் இப்படி வந்தது:

"எண்ணெய் விளைச்சல்: வாங்கிய எள்ளு 100 கிலோவுக்குத் தெளிந்த எண்ணெய் 42 லீட்டர். மூலம்: ஆலையில் நிறுத்துப் பார்த்த மூன்று ஆட்டு, நிறைக் குறிப்பு இணைப்பில், திகதியும் உரிமையாளர் கையொப்பமும் உண்டு. காரணம்: உரிமையாளர் வழமையாகச் சொல்லும் 45 லீட்டர் நல்ல எள்ளுக்கு உரியது, கலப்பு எள்ளுக்கு நிறுத்து எடுத்ததைப் பயன்படுத்தினோம். வீச்சு: 40 முதல் 43. பழைய எள்ளு இதில் பரிசோதிக்கப்படவில்லை."

கடைசி வசனத்தைக் கவனியுங்கள். எதைப் பார்க்கவில்லை என்பதையும் எழுதுகிறோம். வங்கியில் கடன் உத்தியோகத்தர் அதைப் படித்தால் திட்டம் பலவீனமாகத் தெரியும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. பார்க்காததை ஒளித்து வைத்த திட்டத்தில்தான் அவர் ஒவ்வொரு எண்ணையும் சந்தேகிக்கத் தொடங்குகிறார்.

இப்போது இந்த எண் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 45இலிருந்து 42க்கு இறங்கினால் மாதம் 75 லீட்டர் குறைகிறது, 135,000 ரூபாய். 50 இலட்சத்துக்கு 13% வட்டியில் ஐந்து வருட மாதத் தவணை ஏறக்குறைய 113,800 ரூபாய். அதாவது நூறு கிலோவுக்கு மூன்று லீட்டர் பிழைத்தால் ஒரு தவணை முழுதும் போய்விடுகிறது. வட்டியோ, 13இலிருந்து 15க்குப் போனால்கூட தவணை ஏறக்குறைய 5,200 ரூபாய்தான் கூடும். ஆனால் திட்டம் எழுதுகிறவர்கள் வட்டி வீதத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறார்கள், மத்திய வங்கியின் இணையத்தளத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். வட்டிக்கு மூலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வங்கியின் கடன் கடிதத்தில் இருக்கிறது, மாறும் வட்டியா நிலையான வட்டியா என்பதோடு ஒரு வரியில் எழுதினால் போதும். நேரத்தை விளைச்சலில் செலவழியுங்கள். எந்த எண்ணுக்கு எவ்வளவு காரணம் எழுதுவது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றையும் பத்து வீதம் பாதகமாக மாற்றிப் பாருங்கள். மாதக் கடைசி மீதி எதில் கூட ஆடுகிறதோ அதற்குத்தான் அதிக வரி.

விற்பனை விலையில் நடப்பது வேறொன்று. திருநெல்வேலியிலோ சுன்னாகத்திலோ கடைத் தட்டில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அது வாடிக்கையாளர் கொடுக்கும் விலை, ஆலைக்கு வருவது அது இல்லை. கடைக்காரரின் இலாபம், போத்தல், கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு எல்லாம் இடையில் இருக்கிறது. ஆலையின் சொந்தப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைவிட நல்ல மூலம் இதற்கு இல்லை. கடை எத்தனை நாள் கழித்துக் காசு தருகிறது என்பதும் அதே புத்தகத்திலிருந்துதான் வர வேண்டும்.

மின்சாரத்தை ஒரே தொகையாகப் போடாமல், எத்தனை மின் அலகு என்பதையும் ஒரு அலகின் விலையையும் பிரித்து இரண்டு வரிசையாக எழுதுங்கள். இலங்கையில் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75% கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66% கூடியது, 2025 ஜனவரியில் 20% குறைந்தது. மாதம் 40,000 என்று எழுதி வைத்தவருக்கு அடுத்த மாற்றம் வரும்போது எதை மாற்றுவது என்று தெரியாது. அலகு மோட்டாரின் தகட்டிலிருந்தும் ஓடும் மணித்தியாலத்திலிருந்தும் வருகிறது, விலை அந்தத் திகதியின் கட்டண அட்டவணையிலிருந்து வருகிறது. இரண்டும் வேறு வேறு காரணத்துக்காக மாறுபவை.

மூலமே இல்லாத எண்களும் உண்டு. முதல் வருடத்தில் எத்தனை புதுக் கடைகள் சேரும் என்பதற்கு யாரிடம் ஆவணம் இருக்கப் போகிறது? அங்கே "சந்தை ஆய்வின்படி" என்று எழுதாதீர்கள், நான் மிகவும் வெறுக்கிற சொற்றொடர் அது. "உரிமையாளரின் கணிப்பு, இப்போது எடுக்கும் கடைகள் இத்தனை, கேட்டு வைத்திருக்கும் கடைகள் இத்தனை, அவற்றில் பாதியை எடுத்தோம்" என்று எழுதுங்கள். கணிப்பும் ஒரு மூலம்தான், யாருடைய கணிப்பு, எதை வைத்து என்று தெரிந்தால்.

எழுதி வைத்த பக்கத்துக்கும் கணக்குக்கும் தொடர்பில்லாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. எக்செலில் காசுப்பாய்ச்சல் தாளைத் திறந்து Ctrl+` அழுத்தினால் எல்லாச் சூத்திரமும் தெரியும். அங்கே இப்படி இருந்தால்:

```
=2500*0.45/0.92*1800
```

எடுகோள் பக்கத்தில் 42 என்று மாற்றினாலும் விற்பனை மாறாது. இப்படி இருக்க வேண்டும்:

```
=Edukol!C4/100*Edukol!C5*Edukol!C8
```

C4 எள்ளு, C5 விளைச்சல், C8 விலை. சூத்திரத்தில் நூறு ஒன்றுதான் எண்ணாக மிஞ்சியிருக்கிறது, அது விளைச்சலின் அலகிலேயே உள்ளது. எண் ஒரு இடத்தில்தான் தட்டச்சாக வேண்டும், மற்றதெல்லாம் அங்கிருந்து எடுக்க வேண்டும்.

பக்கம் முடிந்ததும் தொழில் செய்கிறவர் அருகில் இருந்து ஒவ்வொரு வரிசையையும் வாசிக்க வேண்டும், வங்கிக்குக் கொடுக்கும் முன்பே. இந்த ஆலையில் பெரிய ஓட்டை அப்படித்தான் தெரிந்தது. எள்ளு விலை கிலோ 600 ரூபாய் என்று இருந்தது, மூலம் வவுனியாப் பக்கத்து வியாபாரி ஒருவரின் பற்றுச்சீட்டு, திகதி ஆவணி. உரிமையாளர் திகதியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது அறுவடை விலை. மாசியில இந்த விலைக்கு எனக்கு ஆர் தருவினம்?" வன்னியில் எள்ளு சிறுபோகப் பயிர், ஆடி ஆவணியில் அறுவடை. பிந்திய மாதங்களில் அவர் 700 வரை கொடுத்திருக்கிறார். அந்த நூறு ரூபாய் மாதம் 250,000. இல்லையென்றால் ஆவணியிலேயே ஆறு மாதத்துக்கு வேண்டிய 15,000 கிலோவையும் வாங்கி வைக்க வேண்டும், அதற்கு 90 இலட்சம் ரூபாய் வேண்டும், கேட்ட கடனைவிடப் பெரிய தொகை.

அந்த வரிசையை இரண்டாகப் பிரித்தோம்: அறுவடை விலையும் இருப்பு வைக்கும் மாதங்களும் ஒன்று, பிந்திய விலை இன்னொன்று. இரண்டு மாத இருப்பு, 30 இலட்சம் தொழிற்படு மூலதனம், மீதி மாதங்களுக்கு 700 ரூபாய் என்று எழுதினோம். இயந்திரக் கடனைத் தனியாகவும், அறுவடைக் காலத்து எள்ளுக்குக் குறுங்காலக் கடனைத் தனியாகவும் கேட்கும்படி திட்டம் மாறியது. இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு நிரல் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. மாதா மாதம் உண்மையில் வந்த எண்ணை அவருடைய மகள் அதில் போடுகிறார், முதலில் விளைச்சலை.