அடுத்தவர் குடை எந்த நொடியில் திருட்டுக் குடை ஆகிறது?

சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் அக்கா மகளோடு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல மழை. வாசலில் இருந்த வாளியில் ஏழெட்டுக் கறுப்புக் குடைகள் நின்றன, எல்லாம் ஒன்றுபோலவே. சாப்பிட்டு முடித்த ஒருவர் அவற்றில் ஒன்றை உருவி விரித்துக்கொண்டு நடந்தார்.

"மாமா, அது அவருடைய குடை இல்லாவிட்டால் திருட்டுத்தானே?" என்றாள்.

அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். குற்றச்செயலை ஆக்டஸ் ரியஸ் என்றும் குற்றமனத்தை மென்ஸ் ரியா என்றும் லத்தீனில் மனப்பாடம் செய்யும் மாணவர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் கூடவேண்டும் என்பதைத்தான் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள்.

நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தில் மென்ஸ் ரியா என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்ட சட்டம் இது. ஒவ்வொரு குற்றத்துக்கும் எந்த மனநிலை தேவை என்பதை அந்தந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. திருட்டைச் சொல்லும் 378-ஆம் பிரிவில் அந்தச் சொல் 'நேர்மையின்றி' என்பது. ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் எண்ணத்தோடு செய்வதே நேர்மையின்றிச் செய்வது என்று 24-ஆம் பிரிவு விளக்குகிறது.

இனி குடைக்கு வருவோம். குடை அசையும் பொருள். வேறொருவர் வசம் இருந்தது. அவர் சம்மதம் இல்லாமல் இடம் மாறியது. செயல் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாளியிலிருந்து உருவிய நொடியில் அந்த மனிதர் அதைத் தன் குடை என்றே நம்பியிருந்தால், யாருக்கும் இழப்பு உண்டாக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. ஆகவே திருட்டும் இல்லை. கைப்பிடியைக் கொஞ்சம் பார்த்து எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அது கவனக்குறைவு. கவனக்குறைவு 'நேர்மையின்றி' என்ற சொல்லுக்கு ஈடாகாது.

வீட்டுக்குப் போய்க் குடையை மடக்கும்போது கைப்பிடியில் வேறொருவர் பெயர் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறார். "நல்ல குடை, இருக்கட்டும்" என்று அலமாரியில் வைத்துக்கொள்கிறார். மனம் இப்போதுதான் கெடுகிறது. பல மாணவர்கள் இங்கே திருட்டு என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். எடுத்த செயல் கடையிலேயே முடிந்துவிட்டது. மாலையில் வந்த எண்ணத்தை மதியம் செய்த செயலோடு கொண்டுபோய் ஒட்ட முடியாது.

அப்படியானால் தப்பித்துவிட்டாரா? இல்லை. 403-ஆம் பிரிவு காத்திருக்கிறது. பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது அங்கே தனிக் குற்றம். தன்னுடையது என்று நம்பி எடுத்தவர், தவறு தெரிந்த பிறகும் தன் பயனுக்கு வைத்துக்கொள்வதையே அந்தப் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு சொல்கிறது. இந்தக் குற்றத்தின் செயல் எடுத்தது அல்ல, தனதாக்கிக்கொண்டது. அந்தச் செயலும் கெட்ட எண்ணமும் ஒரே நொடியில் கூடிவிட்டன.

378-ஆம் பிரிவிலேயே இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் வீட்டு மேசைமேல் மோதிரம் கிடக்கிறது. அதை உடனே கொண்டுபோனால் சோதனையில் சிக்கிவிடுவோம் என்று பயந்த ஒருவன், அது எளிதில் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைக்கிறான். பரபரப்பு அடங்கியதும் எடுத்து விற்பது அவன் திட்டம். மோதிரத்தை முதன்முதலில் நகர்த்தியபோதே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். நாலு தெரு தாண்டிப் போன குடை திருட்டாகவில்லை. மேசையை விட்டு நகர்ந்த மோதிரம் திருட்டாகிவிட்டது.

"மனத்துக்குள் இருந்ததை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் மாமா?" என்றாள். நல்ல கேள்வி. பார்க்க முடியாது, நடத்தையிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புடையது. அவர் கடைக்கு வரும்போது கையில் குடை இருந்ததா? அதே மாதிரிக் குடை ஒன்று கேட்பாரற்று வாளியிலேயே கிடந்ததா? கிடந்திருந்தால் 'மாறிப்போய்விட்டது' என்ற அவர் பேச்சுக்கு வலு கூடும். குடையே கொண்டுவராமல் நனைந்தபடி உள்ளே வந்தவர் என்று கேமரா காட்டினால் அந்தப் பேச்சு அங்கேயே விழுந்துவிடும். 403-ஆம் பிரிவுக்கு அரசுத் தரப்பு தேடுவது வேறொன்று: கைப்பிடியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு இன்னும் இருக்கிறதா, சுரண்டி எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது.