சம்பில் நாளை எவ்வளவு தண்ணீர் இருக்கும்? இருப்பு–ஓட்ட வரைபடத்தைப் படிக்கும் முறை

தண்டையார்பேட்டையில் ஆறு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் சில மணி நேரம் மெட்ரோ வாட்டர் தரையடி சம்பில் விழுகிறது. மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. நான்கு நாள் கழித்து சம்ப் எந்த நிலையில் இருக்கும் என்பதைத் தாளில் ஒரு சிறு படம் போட்டே சொல்லிவிடலாம். அந்தப் படத்துக்கு இருப்பு–ஓட்ட வரைபடம் என்று பெயர். 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் தொழிற்சாலைச் சரக்கு ஏற்றஇறக்கங்களை ஆராய்ந்தபோது உருவாக்கிய முறையிலிருந்து வந்தது அது.

படத்தின் நடுவில் ஒரு செவ்வகம் இருக்கும். அதுதான் இருப்பு, இங்கே சம்பில் கிடக்கும் தண்ணீர். செவ்வகத்துக்குள் நுழையும் குழாய் வரத்து, வெளியேறும் குழாய் செலவு. ஒவ்வொரு குழாயின் மேலும் வால்வு போன்ற ஒரு குறி இருக்கும். குழாய்களின் வெளிமுனைகளில் மேகம் வரைந்திருப்பார்கள். நம் கணக்கு அதற்கு அப்பால் போகாது என்பதற்கான அடையாளம் அது. தண்ணீர் புழலிலிருந்து வந்ததா, மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கி வந்ததா என்று இந்தப் படம் கேட்பதில்லை.

படத்தைப் படிக்கும்போது முதலில் அலகைப் பாருங்கள். செவ்வகத்துக்குள் இருப்பது லிட்டர், குழாயில் ஓடுவது மணிக்கு இத்தனை லிட்டர். இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஓட்டத்தை நேரத்தால் பெருக்கிய பிறகே இருப்போடு கூட்டவோ கழிக்கவோ முடியும்:

```
புதிய இருப்பு = பழைய இருப்பு + (வரத்து − செலவு) × நேரம்
```

நம் சம்பின் உள்நீளம் 2.5 மீட்டர், அகலம் 2 மீட்டர். அடிப்பரப்பு 5 சதுர மீட்டர், ஆகவே ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் 50 லிட்டர். ஒரு அளவுகோல் குச்சியை விட்டு நனைந்த உயரத்தைப் பார்த்தால் இருப்பு தெரிந்துவிடும். காலை 5 மணிக்கு 40 செ.மீ., அதாவது 2,000 லிட்டர் இருக்கிறது. மாடித் தொட்டியில் தானியங்கி சுவிட்ச் இருப்பதால், வீடுகளில் செலவாகும் அளவுக்கே மோட்டார் சம்பிலிருந்து எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

5 முதல் 6 மணி வரை வரத்து 500 லிட்டர், செலவு 200. மீதி 300 சேர்ந்து இருப்பு 2,300 ஆகிறது. அடுத்த மணி நேரத்தில்தான் குழாயில் வேகம் அதிகம்: 1,500 வருகிறது, 500 போகிறது, இருப்பு 3,300. 7 முதல் 8 வரை 1,300 வந்து 700 போக, 3,900. எட்டுக்கு மேல் வேகம் குறைந்துவிடுகிறது: 600 வருகிறது, 700 போகிறது, இருப்பு 3,800. ஒன்பது மணிக்குக் குழாய் நின்றுவிடுகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் 300 செலவாகி, பத்து மணிக்கு 3,500 லிட்டர், அதாவது 70 செ.மீ. நிற்கிறது.

பலரும் தவறுவது இங்கேதான். குழாய் மிக வேகமாக ஓடியது 6 முதல் 7 வரை, ஆனால் சம்ப் உச்சத்தைத் தொட்டது எட்டு மணிக்கு. ஏழுக்குப் பிறகு வரத்து குறையத் தொடங்கியும், செலவை விட அதிகமாக இருந்ததால் மட்டம் ஏறிக்கொண்டே போனது. எட்டுக்குப் பிறகு தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, மட்டமோ இறங்குகிறது. வரத்துக் கோடும் செலவுக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் நேரம்தான் இருப்பின் உச்சம் (அல்லது அடிமட்டம்). இதே போன்ற தொட்டிக் கணக்கை எம்.ஐ.டி. மேலாண்மை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. கணிதம் நன்றாகப் படித்த அவர்களிலும் பலர் தடுமாறினார்கள். இருப்புக் கோட்டை வரத்துக் கோட்டின் சாயலில் வரைந்துவிடுவது இதில் வழக்கமான பிழை.

பத்து மணியிலிருந்து மறுநாள் காலை 5 மணி வரை 1,800 லிட்டர் செலவாகிறது. மிஞ்சுவது 1,700, அதாவது 34 செ.மீ. ஒரு நாளைக்கு 3,900 வந்து 4,200 போவதால், நாளுக்கு 6 செ.மீ. இறங்குகிறது. காலை 5 மணி அளவுகள் வரிசையாக 40, 34, 28, 22, 16 என்று போகும். மோட்டார் தண்ணீரை இழுக்கும் குழாயின் நுனியிலுள்ள ஃபுட் வால்வு அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அதற்கு மேலும் கொஞ்சம் தண்ணீர் நிற்காவிட்டால் மோட்டார் காற்றை இழுக்கும். 20 செ.மீ.யை எல்லையாக வைத்தால், ஐந்தாம் நாள் விடிவதற்குள் மோட்டாரை நிறுத்த வேண்டிவரும். காலை எட்டு மணிக்கு மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு 78, 72, 66, 60 என்றுதான் தெரியும், கவலைப்படவே தோன்றாது. ஆகவே தினமும் ஒரே நேரத்தில், தண்ணீர் வரும் முன் அளப்பதுதான் சரி.

இந்தக் கணக்கே லாரி எப்போது வரவேண்டும் என்பதையும் சொல்லிவிடும். சம்ப் நிரம்பி வழியும் மட்டம் 160 செ.மீ., அதாவது 8,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரி முழுதாக இறங்க, மட்டம் 40 செ.மீ. அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். நான்காம் நாள் பத்து மணிக்கு 52 செ.மீ. இருக்கும், இன்னும் 600 லிட்டர் செலவானால்தான் 40க்கு வரும். காலை பத்து மணிக்கு வரும் லாரி 600 லிட்டரோடு திரும்பும், அன்று சாயங்காலம் வந்தால் எல்லாம் இறங்கும்.

சில வரைபடங்களில் செவ்வகத்திலிருந்து வால்வுக்கு ஒரு மெல்லிய அம்பு போகும். அதில் தண்ணீர் ஓடாது, தகவல்தான் போகும். சம்பில் மிதவை வால்வு இருந்தால் அந்த அம்பை வரைய வேண்டும், ஏனென்றால் மட்டம் உச்சிக்கு அருகில் வந்ததும் மிதவை எழுந்து வரத்தைக் குறைத்துவிடும். மணிக்கு 1,300 என்ற எண் அங்கே செல்லாது. சேமிப்புக் கணக்கில் இதே அம்பு எதிர்த்திசையில் வேலை செய்யும்: இருப்பு கூடினால் வட்டி வரத்தும் கூடும். ஆனால் ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் 50,000 ரூபாய்க்கு மாதம் சராசரியாக 125 ரூபாய்தான் வரும். மாதம் 8,000 போட்டு 8,500 எடுப்பவரின் கணக்கு, வட்டி வந்தும் 375 ரூபாய் இறங்கும். இருப்பு குறைவதால் அடுத்தடுத்த வட்டியும் சுருங்கும்.

கணித்த மட்டமும் குச்சி காட்டும் மட்டமும் ஒத்துவராவிட்டால், படத்தில் வரையாத குழாய் ஒன்று இருக்கிறது என்று பொருள். இரண்டாம் நாள் காலை 34க்குப் பதில் 28 செ.மீ. இருந்தால் 300 லிட்டர் எங்கோ போயிருக்கிறது. இரவு 9 மணிக்கு மாடித் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, சம்பை அளந்து வையுங்கள். காலை 5 மணிக்குத் தண்ணீர் வரும் முன் மறுபடி அளங்கள். எட்டு மணி நேரத்தில் 2 செ.மீ. இறங்கியிருந்தால் 100 லிட்டர், மணிக்கு 12.5, நாளுக்குச் சரியாக 300. அப்படியானால் கசிவு சம்பிலோ அதை ஒட்டிய குழாயிலோதான். மட்டம் அசையாமல் நின்றால் மாடித் தொட்டியையும் வீட்டுக் குழாய்களையும் தேட வேண்டும். ஒரு மணி நேரச் சோதனை போதாது, குச்சியில் அரை செ.மீ. பிழை வருவது சகஜம், அதுவே 25 லிட்டர்.

சம்பின் சுவரில் விரிசல் இருந்தால் மட்டம் உயர உயரக் கசிவும் வேகமாகும், அங்கேயும் ஒரு மெல்லிய அம்பு தேவை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் சம்பின் மட்டத்தை விட உயர்ந்துவிட்டால் அதே விரிசல் வழியாக வெளிநீர் உள்ளே வரும். யாரும் திறக்காத இரவில் மட்டம் ஏறியிருந்தால் அதை லாபமாக எண்ணாமல், முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டு, சம்பைக் காலி செய்து விரிசலை அடைக்க வேண்டும்.