தள்ளுபடி விகிதமா, காலக்கழிவு வீதமா?

சிறுதொழில் முனைவோருக்காகத் தமிழில் பெயர்த்த திட்ட அறிக்கை மாதிரி ஒன்று கிருஷ்ணகிரிப் பக்கம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் 'தள்ளுபடி விகிதம்: 12.74 சதவீதம்' என்று ஒரு வரி வருகிறது. மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் ஒருவர் அதைக் காட்டி, "சார், பேங்க்காரன் இவ்வளவு தள்ளுபடி தருகிறானா?" என்று கேட்டார். அவர் மீது குற்றமில்லை. இந்த மாவட்டத்தில் தள்ளுபடி என்றால் ஆடிக்கு ஜவுளிக்கடையில் கிடைப்பது, இல்லையென்றால் 2021இல் அரசு அறிவித்த கூட்டுறவுப் பயிர்க்கடன் ரத்து. இரண்டிலுமே யாரோ ஒருவர் தமக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்கிறார். அந்த வரி சொல்லவந்த 'டிஸ்கவுண்ட் ரேட்'டில் யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

'டிஸ்கவுண்ட்' என்பதற்கு மூலப்பொருள், எண்ணிக் கழிப்பது. எதிர்காலத்தில் வரும் பணத்தில் காலத்துக்கும் இடருக்கும் உரியதைக் கழித்து, அதன் இன்றைய மதிப்பைக் காண்கிறோம். ஆண்டுக்கு எந்த அளவில் கழிப்பது என்பதே அந்த வீதம். விகிதம் அல்ல. விகிதம் இரண்டு அளவுகளின் ஒப்பு, வீதம் இத்தனைக்கு இவ்வளவு என்பது. இந்த வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே தொலைத்துவிட்டோம்.

'கழிவு வீதம்' என்று மட்டும் எழுதலாமே என்பார்கள். நம் கணக்குப் பாடநூல்களில் கழிவு என்றால் கமிஷன். கூழ் ஆலையில் கழிவு என்றால் தோலும் கொட்டையும். நாணயமாற்றில் வழங்கிய 'வட்டம்' என்ற பழஞ்சொல் அழகானதுதான். ஆனால் ஊத்தங்கரை வட்டம், போச்சம்பள்ளி வட்டம் என்று வாழ்கிறவர்களிடம் அது எடுபடாது. ஆகவே 'காலக்கழிவு வீதம்' என்கிறேன். எதற்காகக் கழிக்கிறோம் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

என்னை அதைவிட எரிச்சலூட்டுவது, அந்த வீதத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று சொல்லும் அடுத்த வரி: 'எடையிட்ட சராசரி மூலதனச் செலவு'. 'மூலதனச் செலவு' ஏற்கெனவே வேறு பொருளுக்குப் பட்டா போட்ட சொல். பட்ஜெட் செய்தியில் அரசு பாலம் கட்டினால், அணை கட்டினால், அது மூலதனச் செலவு. அந்த அறிக்கையிலேயே ஒரு பக்கத்தில் இயந்திரம் வாங்க 'மூலதனச் செலவு 2 கோடி ரூபாய்' என்று இருக்கிறது, மறுபக்கத்தில் 'மூலதனச் செலவு 12.74 சதவீதம்' என்று இருக்கிறது. படித்தவர் இரண்டையும் பெருக்கி, ஏறத்தாழ 25 லட்சம் கூடுதலாகச் செலவாகும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். இரண்டாவது, ஆங்கிலத்தில் 'காஸ்ட் ஆஃப் கேப்பிடல்': கடன் கொடுத்தவருக்கும் பங்கு போட்டவருக்கும் ஆண்டுதோறும் தரவேண்டிய வருவாயின் வீதம். மொழிபெயர்த்தவர் அகராதியில் 'காஸ்ட்' என்றால் செலவு என்று பார்த்தார், எழுதினார், அடுத்த வரிக்குப் போய்விட்டார். இலங்கைத் தமிழர் 'மூலதனக் கிரயம்' என்று எழுதுகிறார்கள். அங்கே அது பொருந்தும். இங்கே கிரயம் என்றால் சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

இத்தனைக்கும் சொல் நம் கடைத்தெருவிலேயே கிடக்கிறது. "எனக்கு அடக்கமே இவ்வளவு ஆகிறது" என்று எந்த வியாபாரியும் சொல்வார். பணத்துக்கும் முதல் என்ற சொல் இருக்கிறது: முதல் போட்டான், முதலுக்கே மோசம். முதலின் அடக்கம், 'முதலடக்கம்'. கடனும் பங்குமுதலும் கலந்திருந்தால் 'எடையிட்ட முதலடக்கம்'. 3 டன் மாங்காயைக் கிலோ 20 ரூபாய்க்கும், 1 டன்னை 28 ரூபாய்க்கும் வாங்கியவர் சராசரி 24 என்று சொல்லமாட்டார், 22 என்பார். எடையிடுவது அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பர்கூர்ப் பக்கம் ஒரு கூழ் ஆலைக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் 4 கோடி, வட்டி 10.5 சதவீதம். பங்குகளின் இன்றைய மதிப்பு 6 கோடி. ஏட்டில் எழுதியிருக்கும் பழைய மதிப்பு அல்ல, இன்று விற்றால் கிடைக்கும் மதிப்பு. கட்டும் வட்டியை வருமானத்தில் கழித்துவிட்டுத்தான் வரி. சலுகை வீதத்தைத் தேர்ந்த கம்பெனிக்கு வரி, மேல்வரியும் தீர்வையும் சேர்த்து 25.17 சதவீதம். எனவே கடனின் உண்மையான அடக்கம் 7.86 சதவீதம்தான்.

பங்குமுதலின் அடக்கம் எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. "சொந்தப் பணம்தானே, அதற்கென்ன வட்டி?" என்று கேட்பதுதான் குடும்பக் கம்பெனிகளின் பெரிய பிழை. மாங்காய் காய்க்காத ஆண்டில் முதலில் வங்கி எடுத்துக்கொள்ளும், மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. கடைசியில் நிற்பவர் கூடுதலாகக் கேட்பதே நியாயம். அரசுக் கடன்பத்திரம் 7 சதவீதம் தருகிறது, பங்குச் சந்தை அதற்கு மேல் 7.5 தரவேண்டும், இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் சந்தையைப் போல் 1.2 மடங்கு என்று கொண்டால், 7.5இன் 1.2 மடங்கான 9ஐ 7 உடன் கூட்டி 16 சதவீதம். இந்த 1.2 ஒரு மதிப்பீடு. பட்டியலிடப்பட்ட உணவுக் கம்பெனிகளைப் பார்த்து, அவற்றின் கடன் அளவுக்கு ஏற்பத் திருத்தி எடுப்பது. முழுக் கணக்கிலும் ஆட்டம் காணும் இடம் இதுதான்.

இனி எடையிடலாம். 16இல் பத்துக்கு ஆறு பங்கு 9.6, 7.86இல் நான்கு பங்கு 3.14. கூட்டினால் 12.74 சதவீதம்.

கூழைக் கிருமி புகாமல் அடைக்கும் அசெப்டிக் இயந்திரத்தை 2 கோடிக்கு வாங்கினால் வரி போக, வட்டி கழிக்காமல், ஆண்டுக்கு 49 லட்சம் என ஆறு ஆண்டுகளுக்கு மிஞ்சும் என்போம். இந்த வீதத்தில் கழித்தால் முதலாண்டின் 49 லட்சம் இன்று 43.5 லட்சம், ஆறாம் ஆண்டின் 49 லட்சம் 23.9 லட்சம்தான். ஆறையும் கூட்டினால் 197.3 லட்சம். போட்ட முதலுக்கு 2.7 லட்சம் குறைகிறது, வாங்கக்கூடாது. வங்கி வட்டியான 10.5இலேயே கழித்திருந்தால் 210.3 லட்சம் வந்து, பத்து லட்சம் லாபம் என்று காட்டியிருக்கும்.

"இயந்திரத்துக்கு முழுப் பணத்தையும் வங்கிதானே கொடுக்கிறது, பிறகு 10.5 போதாதா?" என்று கேட்பார்கள். வங்கி கொடுப்பது அந்த இயந்திரத்தை நம்பி மட்டுமல்ல, பின்னால் நிற்கும் 6 கோடியையும் நம்பித்தான். இந்தக் கடனை வாங்கிவிட்டால் அடுத்த கடனுக்கு இடம் குறைகிறது. ஆண்டு வருமானத்தில் வட்டியையும் கழித்துவிட்டு மறுபடி 12.74இல் கழிப்பவர்களும் உண்டு. அவர்கள் ஒரே வட்டியை இரண்டு முறை கட்டுகிறார்கள். அதே ஆலை ஒசூரில் வாடகைக்குக் கிடங்கு கட்டப் போனால் இந்த 12.74 செல்லாது. அந்தத் தொழிலின் இடர் வேறு, அதற்குத் தனியாக ஒரு முதலடக்கம் போடவேண்டும். அந்த அறிக்கை மாதிரியிலோ கூழ் ஆலை, கிடங்கு, கோழிப்பண்ணை மூன்றுக்கும் ஒரே 12.74 அச்சாகியிருக்கிறது.