ரோபோ வரி: கணக்கு எங்கே இடிக்கிறது?

2017 பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு பேட்டியில் சொன்ன கணக்கு எளிமையானது. தொழிற்சாலையில் ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் வருமான வரி கட்டுகிறார், சமூகப் பாதுகாப்பு வரி கட்டுகிறார். அதே வேலையை ஒரு ரோபோ செய்தால் அதற்கும் அதே அளவுக்கு வரி போட வேண்டியதுதானே என்றார். அந்தப் பணத்தை முதியோர் பராமரிப்புக்கும் பள்ளிகளுக்கும் செலவிடலாம், ரோபோக்கள் வரும் வேகமும் கொஞ்சம் மட்டுப்படும் என்பது அவர் வாதம்.

கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ரோபோவை வாங்கிய நிறுவனம் லாபத்துக்கு ஏற்கெனவே வரி கட்டுகிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு வரி? இந்தக் கேள்விக்குப் பதில் வரிச் சட்டத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

முதலில் மனிதர். 50,000 டாலர் சம்பளத்துக்கு முதலாளி சமூகப் பாதுகாப்பு வகையில் தன் பங்காக 7.65 சதவீதம், அதாவது 3,825 டாலர் கட்டுகிறார். தொழிலாளியின் சம்பளத்திலும் அதே 3,825 பிடிக்கப்படுகிறது. அது போக வருமான வரி: தனி ஆள், பிள்ளைகள் இல்லை என்று வைத்துக்கொண்டால் 2017-இன் விகிதப்படி ஏறக்குறைய 5,600 டாலர். ஆக, ஒருவர் வேலை பார்ப்பதால் மட்டுமே மத்திய அரசுக்கு ஆண்டுக்கு 13,000 டாலருக்கு மேல் போகிறது.

இப்போது ரோபோ. விலை 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2017-இன் கடைசியில் வந்த சட்டம் நிறுவன வரியை 21 சதவீதமாகக் குறைத்தது. கூடவே, இயந்திரத்தின் முழு விலையையும் வாங்கிய ஆண்டிலேயே செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. வழக்கமாக அந்த விலையைத் தேய்மானம் என்ற பெயரில் பல ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் கழிக்க வேண்டும். ஒரேயடியாகக் கழித்தால் முதல் ஆண்டே 21,000 டாலர் வரி மிச்சம். நிறுவனத்தின் கையிலிருந்து உண்மையில் போனது 79,000 டாலர்தான்.

அந்த ரோபோ ஆண்டுக்கு 10,000 டாலர் லாபம் தருகிறது என்போம். அரசு 2,100 எடுத்துக்கொள்ளும், மிச்சம் 7,900. போட்ட 79,000-க்கு வந்தது 7,900, அதாவது 10 சதவீதம். வரியே இல்லாத உலகில் 1,00,000 போட்டு 10,000 எடுத்தாலும் அதே 10 சதவீதம்தான். நிறுவனம் வரி கட்டியதாகத் தாளில் இருக்கிறது, ஆனால் ரோபோவை வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவை அந்த வரி தொடவே இல்லை. கடன் வாங்கி ரோபோ வாங்கினால் வட்டியையும் செலவாகக் கழிக்கலாம். அப்போது அரசே கொஞ்சம் கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். (முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழிக்கும் சலுகை 2023 முதல் படிப்படியாகக் குறைந்தது. 2025-இல் வந்த சட்டம் அதை முழுதாகத் திருப்பிக் கொண்டுவந்தது.)

சம்பளமும் செலவாகக் கழிகிறதே என்று கேட்கலாம். கழிகிறது. ஆனால் அரசுக்குப் போகும் அந்த 13,000-க்கு ஈடாக ரோபோ பக்கம் எதுவும் இல்லை. பொருளாதார அறிஞர்கள் டேரன் ஆசெமோலு, ஆண்ட்ரியா மனேரா, பாஸ்குவல் ரெஸ்ட்ரெப்போ மூவரும் இதை அமெரிக்கா முழுமைக்கும் கணக்கிட்டார்கள். உழைப்பின் மேல் விழும் வரி 25 சதவீதத்துக்கு மேல். இயந்திரம், மென்பொருள் மேல் விழுவது 2017 சட்டத்துக்குப் பிறகு 5 சதவீதம் அளவுதான்.

வரி இப்படி இயந்திரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வால் வரும் கெடுதலைப் பார்க்க சூப்பர் மார்க்கெட்டில் நாமே பில் போடும் இயந்திரம் போதும். பார்கோடு தேடிப் பொருளைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறோம். தக்காளியை எடைத் தட்டில் வைத்துவிட்டுத் திரையில் அதன் படத்தைத் தேடுகிறோம். இயந்திரம் சிவப்பு விளக்கைப் போட்டதும் பக்கத்தில் நிற்கும் பணியாளர் ஓடி வருகிறார். வேலை குறையவில்லை, காசாளரின் கையிலிருந்து நம் கைக்கு மாறிவிட்டது. ஆசெமோலு இந்த வகையைச் சுமாரான தானியக்கம் என்கிறார். ஆளுக்கு வேலை போகிறது, உற்பத்தித் திறனோ பெரிதாக உயர்வதில்லை. வரி இரண்டு பக்கமும் சமமாக இருந்திருந்தால் இப்படிப்பட்ட இயந்திரங்களில் சில வந்தே இருக்காது. ரோபோ வரிக்கு ஆதரவான வாதங்களில் இதுதான் வலுவானது என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்வாதம் லேசானதல்ல. கேட்ஸுக்கு அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ் உடனே பதில் எழுதினார்: ரோபோவை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் தரும் இயந்திரமும் ஆள் வேலையைத்தானே எடுக்கிறது? சர்வதேசத் தர வரையறைப்படி தொழிற்சாலை ரோபோ என்றால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகளில், அதாவது தனித்தனி அசைவு வழிகளில், இயங்க வேண்டும், புதுப்புது வேலைக்கு நிரல் மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். கார் உடலில் வெல்டிங் வைக்கும் கை இதில் மாட்டும். நாம் பில் போடும் இயந்திரம் மாட்டாது. கணக்கர்களின் வேலையை எடுக்கும் மென்பொருளுக்கு அச்சே கிடையாது. மூன்று அச்சுக்கு வரி போட்டால் இரண்டு அச்சு இயந்திரங்களை ஒன்றாகக் கோத்து விற்க ஆள் வந்துவிடுவார்கள். ரோபோவுக்குக் கற்பனைச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து அதற்கு வரி போடலாம் என்று ஜெனீவாவின் வரிச் சட்டப் பேராசிரியர் சேவியர் ஒபர்சன் யோசனை சொன்னார். அந்த வெல்டிங் கை எத்தனை பேருக்குச் சமம் என்று யார் அளப்பது?

இன்னொரு தடை பொருளாதாரத்தின் பழைய பாடம். பொருள் செய்யப் பயன்படும் கருவிக்கு வரி போட்டால் விளைச்சலே சுருங்கும், செய்து முடித்த பிறகு பங்கு பிரிப்பதே மேல் என்று 1971-இல் பீட்டர் டயமண்டும் ஜேம்ஸ் மிர்லீஸும் காட்டினார்கள். ஆனால் இழந்தவர்களைக் கண்டுபிடித்து ஈடு கொடுக்க அரசிடம் நல்ல வழி இருந்தால்தான் அந்தப் பாடம் முழுதாகப் பொருந்தும். அப்படி வழி இல்லாதபோது எவ்வளவு வரி சரி என்று அர்னோ கோஸ்டினோவும் இவான் வெர்னிங்கும் கணக்கிட்டார்கள். கிடைத்த விடை ரோபோவின் மதிப்பில் 1 முதல் 3.7 சதவீதம். கேட்ஸ் சொன்ன அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017 பிப்ரவரியிலேயே ரோபோ வரி யோசனையை நிராகரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தென் கொரியா வேறு வழியில் போனது. உற்பத்தித் துறையில் 10,000 தொழிலாளர்களுக்கு 1,000 ரோபோக்களுக்கு மேல் வைத்திருக்கும் நாடு அது. அங்கே தானியக்க இயந்திரம் வாங்கும் நிறுவனங்களுக்கு, முதலீட்டில் 3 முதல் 7 சதவீதம் வரை வரியில் கழிவு இருந்தது. அதை அதிகபட்சம் 2 சதவீதப் புள்ளி குறைப்பதாக அரசு அறிவித்தது. 3 சதவீதக் கழிவில் 2 புள்ளி குறைந்தால், 100 கோடி வோன் இயந்திரத்துக்கு 3 கோடி கிடைத்த இடத்தில் 1 கோடிதான் கிடைக்கும். பத்திரிகைகள் இதை உலகின் முதல் ரோபோ வரி என்றன. உண்மையில் இது வரியே இல்லை, சலுகைக் குறைப்பு. ஆனால் இதில் ரோபோ எது என்று யாரும் அச்சுகளை எண்ண வேண்டியதில்லை. அதனால்தான் புது வரி போடுவதற்கு முன் இந்த வழியில் சாய்வைச் சரிசெய்வதே சரி என்று நினைக்கிறேன்.

இதிலும் ஒரு பிரச்சினை மிஞ்சுகிறது. சாய்வை நிமிர்த்தினாலும் நல்ல ரோபோக்கள் வந்துகொண்டுதான் இருக்கும். 20 வயதுக்காரர் அதைப் பார்த்து வேறு தொழில் படிப்பார். 25 ஆண்டுகள் வெல்டிங் மட்டுமே செய்த 45 வயதுக்காரரால் அது முடியாது. ஜோவாவ் கெரேரோ, செர்ஜியோ ரெபெலோ, பெட்ரோ டெலஸ் மூவரும் இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு விடைக்கு வந்தார்கள்: பழைய தொழிலில் சிக்கிக்கொண்டவர்கள் வேலையில் இருக்கும்வரை ரோபோவுக்கு வரி இருக்கலாம், அவர்கள் ஓய்வு பெறப் பெற அது குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகிவிட வேண்டும்.